மடிப்பில் மறைந்த ராகம்: ஒரு பழைய ஸ்வர நோட்டைப் படித்துப் பாடிய பதிவு

தேவகோட்டையிலிருந்து ஆச்சி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கோடு போட்ட நோட்டின் ஒரு பக்கம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விரித்து வைத்து எடுத்தது. கீழே ஒரே வரி: "இதைப் பாடு." பிறகு தொலைபேசியில் விவரம் சொன்னார். வளவு வீட்டின் இரண்டாங்கட்டில் இருந்த தகரப்பெட்டியில் அவருடைய அப்பத்தாவின் பாட்டு நோட்டு கிடைத்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் புறப்படும் முன் வீட்டில் பாடும் பாட்டு அது. குன்றக்குடி முருகன் மேல் என்பது குடும்பத்தில் சொல்லிவரும் செய்தி. அப்பத்தாவுக்குப் பின் அதை யாரும் முழுதாகப் பாடியதில்லை. இந்த வருடம் பாடியாக வேண்டும்.

நான் காரைக்குடியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். அச்சான புத்தகத்தில் ஸ்வரம் பார்த்துப் பாடுவது எனக்குப் பழக்கம். கையெழுத்து வேறு வகை. புத்தகத்தில் ஒவ்வொரு குறிக்கும் தனி இடம் உண்டு. கையெழுத்தில் ஒரு புள்ளி மேல்வரிக்கு உரியதா கீழ்வரிக்கு உரியதா என்பதே கேள்வியாகிவிடும். படத்தில் இன்னும் கடினம், ஏனென்றால் மையின் அழுத்தமும் தாளின் மேடு பள்ளமும் அதில் தெரிவதில்லை. அதனால் முதலில் தாளக் கணக்கு, அதன் பிறகே குரல் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கை ஒரு பல்லவி வரியை வைத்து முழுதாகக் காட்டுகிறேன். இப்படிப்பட்ட நோட்டுகள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாட்டுகளை ஸ்வர தாளக் குறிப்போடு தொகுதிகளாக அச்சிட்டது. அச்சு வரும் முன்னும் வந்த பின்னும், பாட்டு வாத்தியார் சொல்லச் சொல்ல வீட்டுப் பெண்கள் எழுதி வைத்தவை தனி.

முதலில் படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். சுருங்கும்போது முதலில் காணாமல் போவது சிறிய புள்ளிகளும் மெல்லிய கோடுகளும்தான். ஸ்வரக் குறிப்பில் ஸ்தாயியும் காலமும் அவற்றில்தான் இருக்கின்றன. எழுத்து நன்றாகத் தெரிகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. ஆச்சியிடம், நோட்டை முற்றத்து வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுத்து, படமாக இல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னேன். பக்கத்தின் நான்கு ஓரங்களும் படத்துக்குள் வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அனுப்பப் பேரன் உதவினான். ஆனால் இந்த இரண்டாவது படம் வர நேரமானது. அதுவரை கையில் இருந்த முதல் படத்தை வைத்தே தொடங்கினேன். அதில் பக்கத்தின் மேல்பகுதி மடிந்திருந்தது. ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மடிப்புக்குள். இடது ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது.

பல்லவியின் முதல் வரி இப்படித் தெரிந்தது. மேலே ஸ்வரம், கீழே சாகித்யம்:

க ப தா பா க ப க ரி ஸா ரி க | பா ; த ப க ரி | க ரி ஸா ஸ த ஸ ரி ||

மலை மேலே நின்ற வே | லா மனமிரங் | கி வா . . . . ||

சாகித்யத்தில் "லை" பழைய முறையில், முன்னால் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு எழுதப்பட்டிருந்தது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் முன் எழுதப் பழகியவர்களின் கை இது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த எழுத்து தெரியாது, வேறு ஏதோ குறி என்று நினைப்பார்கள். சாகித்யத்தை முதலில் முழுதாகப் படித்துப் பொருள் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும். "மலைமேலே நின்ற வேலா, மனமிரங்கி வா" என்று தெளிவாகிவிட்டது.

இனி கணக்கு. தமிழ் நோட்டுகளில் குறில் எழுத்து ஒரு மாத்திரை, நெடில் எழுத்து இரண்டு மாத்திரை. ஸ என்றால் ஒன்று, ஸா என்றால் இரண்டு. காற்புள்ளி ஒரு மாத்திரை, அரைப்புள்ளி இரண்டு மாத்திரை. ஒற்றைச் செங்கோடு தாளத்தின் ஓர் அங்கம் முடிவதையும், இரட்டைச் செங்கோடு ஆவர்த்தனம் முடிவதையும் காட்டும்.

மேலே உள்ள வரியில் இரண்டு ஒற்றைக் கோடுகளும் கடைசியில் ஓர் இரட்டைக் கோடும் இருக்கின்றன. அப்படியானால் மூன்று அங்கங்கள். நடு அங்கத்தை எண்ணினேன். பா இரண்டு, அரைப்புள்ளி இரண்டு, த ப க ரி நான்கு, ஆக எட்டு. கடைசி அங்கத்தில் க ரி இரண்டு, ஸா இரண்டு, ஸ த ஸ ரி நான்கு, அதுவும் எட்டு. முதல் அங்கத்தில் க ப இரண்டு, தா பா நான்கு, க ப க ரி நான்கு, ஸா ரி க நான்கு, ஆகப் பதினான்கு.

14, 8, 8. ஆதி தாளம் என்றால் லகுவுக்கு நான்கு எண்ணிக்கை, இரண்டு த்ருதங்களுக்கும் இரண்டிரண்டு எண்ணிக்கை. ஒரு களையில், எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வீதம் எழுதினால் 16, 8, 8 வர வேண்டும். த்ருதங்கள் இரண்டும் சரியாக எட்டில் நிற்கின்றன. லகுவில் மட்டும் இரண்டு மாத்திரை குறைகிறது. தாளம் ஆதி என்பதில் ஐயமில்லை, எட்டும் எட்டும் அதைச் சொல்லிவிட்டன. கேள்வி, அந்த இரண்டு மாத்திரை எங்கே போனது என்பதுதான்.

லகுவுக்குள் ஏதாவது எழுத்து நெடிலாக இருந்து குறிலாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். ஆனால் ஒரு நெடில் ஒரு மாத்திரையைத்தான் கூட்டும், இரண்டு நெடில்கள் ஒரே வரியில் சேர்ந்து அழிந்திருக்க வேண்டும். அதைவிட எளிய விளக்கம் இடது ஓரத்தில் இருந்தது. படம் வெட்டுப்பட்ட இடம் அதுதான். அதே வரியை மெட்டில் சற்று மாற்றிப் பாடும் அடுத்த சங்கதியின் வரி சற்று உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால், அதன் தொடக்கத்தில் ஓர் அரைப்புள்ளி முழுதாகத் தெரிந்தது. அதே பல்லவியின் இரண்டாவது சங்கதி அரைப்புள்ளியோடு தொடங்கினால் முதல் சங்கதியும் அப்படித்தான் தொடங்க வேண்டும், தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு சங்கதிக்குச் சங்கதி மாறாது. ஆக வரியின் முன்னே ஓர் அரைப்புள்ளி. பாட்டு தாளத்தின் முதல் தட்டான சமத்தில் எடுக்கவில்லை, சமம் தட்டிய பிறகு அரை எண்ணிக்கை விட்டு எடுக்கிறது. அரை இடம்.

இதைக் கவனிக்காமல் "மலை" என்பதைச் சமத்தில் எடுத்திருந்தால் வரி முழுவதும் தாளத்தோடு ஒட்டாமல் நகர்ந்திருக்கும். "வேலா"வின் "லா" த்ருதத்தின் தட்டில் விழ வேண்டியது அரை எண்ணிக்கை முன்னதாகவே விழுந்திருக்கும். கேட்பவர்களுக்குத் தாளம் தெரியாவிட்டாலும் ஏதோ தடுமாறுகிறது என்று தோன்றும்.

அரைப்புள்ளியைப் பற்றி இன்னொன்று. வரியின் தொடக்கத்தில் வரும் அரைப்புள்ளி மௌனம். நடுவில் வருவது மௌனம் இல்லை, முன்னால் உள்ள ஸ்வரத்தின் கார்வை. "லா" என்ற இடத்தில் பா என்ற நெடிலுக்குப் பின் வரும் அரைப்புள்ளி, பஞ்சமத்தை இன்னும் இரண்டு மாத்திரை நீட்டச் சொல்கிறது. குறி ஒன்றே, இடம் பார்த்துத்தான் பொருள். என்னிடம் வரும் பிள்ளைகள் நடுவில் மூச்சு விட்டு நிறுத்திவிடுவார்கள், அதனால் இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சங்கதியின் லகு படத்தில் இப்படித் தெரிந்தது:

; க ப ஸ த பா க ப த ப க ரி ஸா ரி க |

எண்ணினால் அரைப்புள்ளி இரண்டு, க ப இரண்டு, ஸ த பா நான்கு, பிறகு வரிசையாக ஆறு குறில்கள், கடைசியில் ஸா ரி க நான்கு. மொத்தம் 18. இப்போது இரண்டு மாத்திரை கூடுதல்.

கூடுதலாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேற்கோடு. ஸ்வரங்களின் தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்தால் அவை இரட்டை வேகம், அதாவது ஒவ்வொன்றும் அரை மாத்திரை. இரண்டு கோடுகள் இழுத்தால் கால் மாத்திரை. இந்த நோட்டு கோடு போட்ட நோட்டு. எழுதியவர் நோட்டின் அச்சுக் கோட்டை ஒட்டியே மேற்கோட்டை இழுத்திருந்தால், படத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். வெள்ளைத் தாளில் எழுதியவர்களின் குறிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

நான்கு ஸ்வரங்களுக்கு மேற்கோடு இருந்தால் நான்கு மாத்திரை இரண்டாகச் சுருங்கும், கூடுதலான இரண்டு போய்விடும். க ப த ப க ரி என்ற ஆறில் நான்கு. ஆனால் எந்த நான்கு? முதல் நான்கா, கடைசி நான்கா, நடுவில் உள்ள நான்கா? மூன்றுமே கணக்குக்குச் சரி. தாளம் மட்டும் இங்கே தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்பு சாகித்யத்தில் இருந்தது. சங்கதி மாறும்போது ஸ்வரம் மாறும், சாகித்யத்தின் எழுத்துகள் தாளத்தில் நிற்கும் இடம் பெரும்பாலும் மாறாது. அதனால்தான் சங்கதி எத்தனை வந்தாலும் பாட்டு ஒன்றாகவே கேட்கிறது. முதல் சங்கதியில் "நின்ற" என்ற சொல்லில் "நின்" மூன்றாவது எண்ணிக்கையின் தொடக்கத்திலும், "ற" இரண்டு மாத்திரை கழித்து அதன் நடுவிலும் விழுகின்றன. இரண்டாவது சங்கதியில் "நின்" முதல் காந்தாரத்தின் கீழும் "ற" தைவதத்தின் கீழும் எழுதப்பட்டிருந்தன. "ற" எண்ணிக்கையின் நடுவில் விழ வேண்டுமானால் அதற்கு முன் உள்ள க ப இரண்டும் முழு மாத்திரைகளாக இருந்தாக வேண்டும். ஆகவே மேற்கோடு த ப க ரி என்ற கடைசி நான்குக்கு. இரண்டாவது படம் வந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நான்கு எழுத்துகளும் நெருக்கி எழுதப்பட்டிருந்தன, அவற்றுக்கு மேல் மட்டும் நோட்டுக் கோடு சற்றுத் தடித்திருந்தது.

பேரேட்டில் பற்றும் வரவும் நேராகாமல் கணக்கை முடிக்காத ஊர் இது. ஸ்வர நோட்டிலும் 16, 8, 8 நேராகாதவரை அந்த வரியைக் குரலில் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒருமுறை பிழையான காலத்தில் பாடிவிட்டால் காது அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சரியானதே தவறாகத் தோன்றும்.

அடுத்து புள்ளிகள். மேலே புள்ளி வைத்தால் தார ஸ்தாயி, கீழே புள்ளி வைத்தால் மந்திர ஸ்தாயி, புள்ளி இல்லாவிட்டால் மத்திய ஸ்தாயி. விதி இவ்வளவுதான். ஆனால் தமிழ் எழுத்தில் மேலே வைக்கும் புள்ளிக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கிறது. இரண்டாவது சங்கதியில் "மே" என்ற இடத்தில் வரும் ஸ-வின் மேல் ஒரு புள்ளி இருந்தது. தமிழ் வாசகர் கண்ணுக்கு அது "ஸ்". ஸ்வர வரியில் மெய்யெழுத்து வரவே வராது என்பதை நினைவில் வைத்தால் போதும், அது தார ஷட்ஜம். பாடிப் பார்த்தாலும் தெரியும். பஞ்சமத்திலிருந்து மத்திய ஷட்ஜத்துக்கு விழுந்து, உடனே தைவதத்துக்குத் தாவி, மீண்டும் பஞ்சமத்துக்கு வருவது இந்தப் பாட்டின் நடையில் எங்கும் இல்லை. மேல் ஷட்ஜத்தைத் தொட்டு தைவதம் வழியாகப் பஞ்சமத்தில் இறங்குவது இயல்பு.

கீழ்ப்புள்ளி இதைவிடச் சிக்கலானது. ஸ்வர வரிக்கும் சாகித்ய வரிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் மூன்று வகைப் புள்ளிகள் கலந்து கிடந்தன: ஸ்வரத்தின் மந்திரப் புள்ளி, சாகித்யத்தின் மெய்யெழுத்துப் புள்ளி, முன் எழுத்தின் உயிரை நீட்டுவதற்காகச் சாகித்ய வரியில் வைக்கும் புள்ளி.

முதல் சங்கதியில் க ப க ரி என்ற இடத்தில் பஞ்சமத்தின் கீழ் ஒரு புள்ளி தெரிந்தது. மந்திர பஞ்சமமா? மந்திர பஞ்சமம் பாட்டுகளில் வரக்கூடிய ஸ்வரம்தான், ஆகவே ஸ்தாயியை மட்டும் பார்த்து அதை ஒதுக்க முடியாது. கீழே பார்த்தேன், அங்கே "நின்" இருக்கிறது. "ன்"-க்கு ஒரு புள்ளி வேண்டும். இந்த நோட்டை எழுதியவர் மற்ற இடங்களில் மெய்ப்புள்ளியை ஒழுங்காக வைத்திருக்கிறார், "ரங்" என்ற இடத்திலும் வைத்திருக்கிறார். பஞ்சமத்தின் கீழ் உள்ளதை எடுத்துவிட்டால் "ன்"-க்குப் புள்ளியே இருக்காது. ஆகவே அது "ன்"-க்கு உரியது, பஞ்சமம் மத்தியிலேயே நிற்கிறது.

வரியின் கடைசியில் நிலைமை நேர்மாறு. ஸ த ஸ ரி என்ற நான்கு ஸ்வரங்களுக்கும் கீழே "வா"-வை நீட்ட நான்கு புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் தைவதத்தின் கீழ் மட்டும் இரண்டு புள்ளிகள், ஒன்று சாகித்ய வரியின் மட்டத்தில், மற்றொன்று ஸ்வரத்தின் காலடியில். சாகித்யத்தின் கணக்குக்கு நான்கு போதும். மிஞ்சிய ஒன்று ஸ்வரத்துடையது. அது மந்திர தைவதம். "வா" என்று அழைக்கும் இடத்தில் ஷட்ஜத்திலிருந்து கீழே இறங்கி, மீண்டும் ஷட்ஜம், ரிஷபம் என்று ஏறி, அடுத்த ஆவர்த்தனத்தின் காந்தாரத்தைப் போய்த் தொடுகிறது. பாட்டுப் போட்டவரின் கைநேர்த்தி இந்த இடத்தில் தெரிகிறது, எனக்கு இந்த வரியில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

அனுபல்லவியில் வேறொரு வகைக் குழப்பம். தார ஸ்தாயியில் ஸ ரி க ரி என்று வரும் இடத்தில் முதல் ரிஷபம் "ரீ" என்று தெரிந்தது. நெடில் என்றால் அந்த எண்ணிக்கையில் ஐந்து மாத்திரை வந்துவிடும். "ரி"-யின் மேல் கொக்கியோடு தார ஸ்தாயிப் புள்ளி ஒட்டிக்கொண்டால் நெடிலின் சுழிபோலவே இருக்கும். இருபுறமும் தார ஸ்வரங்கள் நிற்க, நடுவில் மட்டும் மத்திய ரிஷபம் வரவும் காரணமில்லை. கணக்கும் பக்கத்து ஸ்வரங்களும் சேர்ந்து அதைத் தார ரிஷபம் என்று முடிவுசெய்தன. இப்படிப்பட்ட ரிஷபங்கள் அனுபல்லவியில் பல இடங்களில் இருந்தன, ஒன்று பிடிபட்டதும் மற்றவை தாமாகத் தெளிந்தன.

இவ்வளவு தூரம் வந்தும் ராகம் தெரியாது. பக்கம் முழுவதும் ஸ ரி க ப த என்ற ஐந்து எழுத்துகள்தான். மத்யமமும் நிஷாதமும் எங்கும் இல்லை. ஓரிடத்தில் ம போலத் தெரிந்தது மை பரவிய ப. ஐந்து ஸ்வரம் என்றதும் மோகனம் என்று பாடத் தொடங்கிவிடலாம்போல் இருக்கும். ஆனால் ஸ்வர எழுத்து ஸ்தானத்தைச் சொல்வதில்லை. ரி என்று எழுதினால் சுத்த ரிஷபமாகவும் இருக்கலாம், சதுஸ்ருதி ரிஷபமாகவும் இருக்கலாம். இதே ஐந்து எழுத்துகளால் மோகனத்தை எழுதலாம், சிவரஞ்சனியை எழுதலாம், பூபாளத்தை எழுதலாம், ரேவகுப்தியையும் எழுதலாம். எழுத்தில் நான்கும் ஒன்று, காதில் நான்கும் நான்கு உலகம். மோகனத்தில் சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். அதில் காந்தாரத்தை மட்டும் சாதாரண காந்தாரமாக இறக்கினால் சிவரஞ்சனி, அதே சாகித்யம் அழுகைக் குரலாகிவிடும். பூபாளத்தில் ரிஷபமும் தைவதமும் சுத்தம், காந்தாரம் சாதாரணம். ரேவகுப்தியில் ரிஷபமும் தைவதமும் சுத்தம், காந்தாரம் அந்தரம்.

நோட்டு எழுதியவருக்கு இது குறையாகத் தோன்றியிருக்காது. தலைப்பில் ராகத்தின் பெயரை எழுதிவிட்டால் ஸ்தானங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். நமக்கோ அந்தத் தலைப்புதான் மடிப்புக்குள் போயிருந்தது.

இரண்டாவது படத்தில் ஆச்சி மடிப்பை நீவிவிட்டு எடுத்திருந்தார். ராகத்தின் பெயர் இருந்த இடத்தை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. "ராகம்" என்ற சொல்லுக்குப் பின் ஒரு துளை, அதன் பிறகு "ம்", அதன் பக்கத்தில் "28 ஜன்யம்", கீழே "ஆதி". "ம்" உதவாது, பூபாளமும் "ம்"-இல்தான் முடிகிறது. 28 என்ற எண் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. தாய் ராகங்களின் மேளகர்த்தா வரிசையில் 28 ஹரிகாம்போதி, மோகனத்தை அதன் ஜன்யமாகச் சொல்வதே வழக்கம். சிவரஞ்சனி என்றால் கரஹரப்பிரியாவின் 22 இருந்திருக்கும். பூபாளத்துக்கு அனுமத்தோடியின் 8, ரேவகுப்திக்கு மாயாமாளவகௌளையின் 15. மேள எண்ணை எழுதும் பழக்கம் உள்ள வாத்தியாரிடம் அப்பத்தா படித்தது நம் நல்ல காலம். பழைய நோட்டைப் படம் எடுக்கிறவர்கள் பாட்டு மட்டும் போதும் என்று தலைப்பை விட்டுவிடுவதுண்டு. விடவே கூடாத வரி அதுதான்.

கமகக் குறிகள் இந்த நோட்டில் இரண்டே வகை. நெடில் தைவதத்தின் மேல் ஓர் அலைக்கோடு, சில இடங்களில் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் ஒரு சாய்கோடு. 1904-இல் எட்டயபுரத்தில் வெளியான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் கமகங்களுக்கு விரிவான குறிமுறை உண்டு. அதில் அலைக்கோடு கம்பிதம், மேல்நோக்கிய சாய்கோடு ஏற்ற ஜாரு, கீழ்நோக்கியது இறக்க ஜாரு. அந்தப் புத்தகத்தின் குறிகளில் இவை எளியவை, வீட்டு நோட்டுகள் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டாவது சங்கதியின் முதல் த்ருதத்தில், பா-வின் கார்வைக்கும் தைவதத்துக்கும் நடுவில் ஒரு சாய்கோடு இருந்தது. அவசர எழுத்தில் அது அங்கத்தின் செங்கோடு போலவே நின்றது. செங்கோடாக எடுத்தால் 16, 4, 4, 8 என்று நான்கு அங்கங்கள் ஆகிவிடும், ஆதி தாளத்துக்கு மூன்றே அங்கங்கள். ஆகவே அது பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு வழுக்கி ஏறச் சொல்லும் ஏற்ற ஜாரு.

மற்ற கமகங்களை நோட்டு சொல்லாது. மோகனத்தைக் கேட்டுப் பழகியவர் பாடுவார் என்ற நம்பிக்கையில்தான் இவை எழுதப்பட்டன. எழுதியுள்ள ஸ்வரத்தை மட்டும் தட்டையாகப் பாடினால் ஸ்தானம் சரியாக இருக்கும், ராகம் இருக்காது. ரிஷபத்தையும் தைவதத்தையும் எங்கே அசைப்பது, காந்தாரத்தில் எங்கே நிற்பது என்பதற்கு நான் கற்ற மோகன வர்ணத்தையும் கீர்த்தனைகளையும் பாடிப் பாடிக் குரலை ராகத்தில் ஊறவைத்துவிட்டுத்தான் இந்த வரிக்கு வந்தேன்.

பாடிய முறை எளிது. ஐந்தரைக் கட்டையில் சுருதி வைத்து, தாளம் போட்டுக்கொண்டு ஸ்வரத்தை மட்டும் மெதுவாகப் பாடினேன். சமத்தைத் தட்டி, அரை எண்ணிக்கை விட்டு எடுப்பது கைக்கு வரும்வரை சாகித்யத்தைத் தொடவில்லை. பிறகு அதே வேகத்தில் சாகித்யம், அதன் பிறகு காலம் கூட்டியது. அதைப் பதிவுசெய்து ஆச்சிக்கு அனுப்பினேன்.

ஆச்சி உடனே அழைத்தார். "பாட்டு இதுதான். ஆனால் 'வேலா' என்று வரும் இடத்தில் அப்பத்தா நேராக ஏறாது. ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகும்" என்றார். பாடிக் காட்டச் சொன்னேன். தனக்குப் பாட வராது என்றவர் அந்த ஒரு சொல்லை மட்டும் முனகிக் காட்டினார். நோட்டில் ஸா ரி க என்று உள்ளதை, ரிஷபத்தில் காந்தாரத்தைத் தொட்டுத் திரும்பி, மறுபடி காந்தாரம் ஏறிப் பஞ்சமத்தில் அமர்கிறார். மாத்திரைக் கணக்கு மாறவில்லை, அதே நான்குக்குள் அடங்குகிறது. நோட்டில் இல்லாத அந்த அசைவு, சிறுமியாகக் கேட்டிருந்தவர் காதில் இருந்திருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். படம் அனுப்பியவரிடம் பதிவைத் திருப்பி அனுப்பிக் கேட்க வைப்பதால் கிடைக்கும் பயன் இது. எவ்வளவு கூர்ந்து படித்தாலும் தாளிலிருந்து இது வராது.

இப்போது நல்ல பிரதி ஒன்று எழுதுகிறேன். வெள்ளைத் தாளில், மேற்கோடுகள் நோட்டுக் கோட்டோடு கலக்காதபடி. ஸ்தாயிப் புள்ளிகள் சிவப்பு மையில், சாகித்யத்தின் புள்ளிகள் நீல மையில். ஸ்வர வரிக்கும் சாகித்ய வரிக்கும் நடுவில் ஒரு வரி இடைவெளி. தலைப்பில் ராகம், மேள எண், தாளம், எடுப்பு நான்கையும் எழுதி, ஆச்சி சொன்ன "வேலா"வை ஓரத்தில் தனியாக ஸ்வரப்படுத்தியிருக்கிறேன். படத்தில் தெளிவாகத் தெரிந்தவை மையில், நானாகக் கணக்குப் பார்த்து நிரப்பியவை பென்சிலில். பின்னால் பார்ப்பவர்களுக்கு எது அப்பத்தாவுடையது, எது என்னுடையது என்று தெரிய வேண்டும்.

பூச்சி அரித்த துளைகள் சரணத்தில் இரண்டு. ஒன்று சரணத்தின் பின்பாதியில். கீர்த்தனைகளில் சரணத்தின் பின்பாதி பெரும்பாலும் அனுபல்லவியின் மெட்டிலேயே வரும். இதிலும் துளைக்கு இருபுறமும் உள்ள ஸ்வரங்கள் அனுபல்லவியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றன, ஆகவே அங்கிருந்து எடுத்து நிரப்பிவிட்டேன். மற்றது முன்பாதியில். அந்த மெட்டு பாட்டில் வேறெங்கும் வராததால் பார்த்து எழுத இடமில்லை. த்ருதத்தில் ஐந்து மாத்திரை இருக்கிறது, மூன்று இல்லை. நல்லவேளையாகச் சாகித்யத்தில் துளை இல்லை, அந்த மூன்று மாத்திரைக்கும் முன் எழுத்தை நீட்டும் புள்ளிகள்தான் இருக்கின்றன. புதிதாக ஸ்வரம் கற்பித்துப் போடாமல், துளைக்கு முன் உள்ள பஞ்சமத்தையே நீட்டும்படி மூன்று காற்புள்ளிகளைப் பென்சிலால் இட்டிருக்கிறேன். கண்டனூரில் இருக்கும் அவருடைய அயித்தைக்குச் சரணம் நினைவிருக்கலாம் என்று ஆச்சி சொல்கிறார். அவர் பாடிக் காட்டினால் அந்த மூன்று காற்புள்ளிகளை அழித்துவிட்டு மையில் எழுதலாம்.